'மன அழுத்தம்' என்ற ஒரு சொல்லும் இரண்டு மாணவர்களும்

எஸ்.பி.எம். நெருங்க நெருங்கப் பல இடைநிலைப்பள்ளிகளின் அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுப் பிரசுரம் ஏறிவிடும். 'தேர்வுக் கால மன அழுத்தத்தை வெல்வது எப்படி?' என்று தலைப்பு. மூச்சை ஆழமாக இழுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், கால அட்டவணை போடுங்கள், நல்லதையே நினையுங்கள் என்று பத்து குறிப்புகள். அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி: 'பிரச்சினை நீடித்தால் நிபுணரை நாடவும்.'

எனக்கு அந்தப் பத்துக் குறிப்புகள்மீது பெரிய கோபம் இல்லை. அந்தக் கடைசி வரிமீதுதான் கோபம். எந்தப் பிரச்சினை? எத்தனை நாள் நீடித்தால்? எந்த நிபுணர், எங்கே இருக்கிறார், அவரிடம் போய் என்ன சொல்வது? ஒன்றுக்கும் பதில் இல்லை. பிரசுரத்தில் பாதி இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயத்தை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அதை வாசிக்கும் மாணவர், 'என் பிரச்சினையும் மூச்சை இழுத்துவிட்டால் சரியாகிவிடும்போல' என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுகிறார்.

இந்தக் குழப்பத்துக்கு நம் மொழிப் பழக்கமும் ஒரு காரணம். மலாய்மொழியில் 'தெக்கானான்' என்றால் நெருக்கடி, 'கெமுருஙான்' என்றால் மனச்சோர்வு நோய். இரண்டும் வேறு வேறு என்று சொல்லிலேயே தெரிந்துவிடும். தமிழிலும் 'மனச்சோர்வு' என்ற சொல் இருக்கிறது. ஆனால் பேச்சிலும் செய்தியிலும் இரண்டையும் 'மன அழுத்தம்' என்றே சொல்லிவிடுகிறோம். நாளைக்குக் கணிதத் தாள் என்று வயிறு கலங்கினாலும் மன அழுத்தம்தான், ஒரு மாதமாகப் படுக்கையைவிட்டு எழ முடியாமல் கிடந்தாலும் மன அழுத்தம்தான். இந்தக் கட்டுரையில் முதலாவதைத் தேர்வுப் பதற்றம் என்றும் இரண்டாவதை மனச்சோர்வு என்றும் சொல்கிறேன். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் பெயரையும் வேறாக வைத்துக்கொள்வது நல்லது.

படிவம் 5-இல் ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். எஸ்.பி.எம். தொடங்கப் பத்து வாரம் இருக்கிறது. முன்னோட்டத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன.

மாணவன், கூடுதல் கணிதத்தில் 38 மதிப்பெண். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. சனிக்கிழமை நண்பர்களோடு ஃபுட்சால் ஆடப் போனான், அங்கே கத்திச் சிரித்து விளையாடினான். ஞாயிறு மாலை நாளைய வகுப்பை நினைத்ததும் மறுபடியும் வயிறு கலங்கியது.

மாணவிக்கு எந்தப் பாடத்திலும் மதிப்பெண் பெரிதாக விழவில்லை. 80 வாங்கிய இடத்தில் 71. ஆசிரியர் 'பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் முயற்சி செய்' என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். ஆனால் நான்கு வாரமாக அவள் பேட்மிண்டன் மட்டையைத் தொடவில்லை. யாரும் தடுக்கவில்லை, போகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். விடியற்காலை நான்கு மணிக்கே தூக்கம் கலைந்துவிடுகிறது. செஜாரா புத்தகத்தில் ஒரே பக்கத்தை ஐந்து முறை வாசிக்கிறாள், ஒன்றும் நிற்பதில்லை. தம்பி எதையாவது கேட்டால் எரிந்து விழுகிறாள், பிறகு அதை நினைத்து அழுகிறாள். ஒரு வாரப் பள்ளி விடுமுறை வந்தது. விடுமுறையிலும் ஒன்றும் மாறவில்லை.

இருவரில் யாரைப் பற்றிப் பெரியவர்கள் கவலைப்படுவார்கள்? பெரும்பாலும் அந்த 38 மதிப்பெண்காரனைப் பற்றித்தான். நாம் மனநிலையை மதிப்பெண்ணை வைத்து அளக்கிறோம். அது நம்பத்தக்க வெப்பமானி அல்ல. நன்றாகப் படிப்பவர் உள்ளே சோர்ந்த பிறகும் பழக்கத்தின் வேகத்திலேயே சில மாதம் ஓடிவிடலாம். மதிப்பெண் சரியும்போது பாதி வழி கடந்திருக்கும்.

முதலில் மாணவனைப் பார்ப்போம். அவன் உடம்பில் நடப்பது கோளாறு அல்ல. ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் சிறுநீரகத்துக்கு மேலே தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினையும், சற்றுப் பிந்திக் கார்ட்டிசோலையும் இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, செரிமானம் தள்ளிப்போடப்படுகிறது, அதனால்தான் வயிறு கலங்குகிறது. புலிக்குப் பயந்து ஓட ஏற்ற ஏற்பாடு. புலிக்குப் பதில் கணிதத் தாள் வந்திருக்கிறது என்பது அந்தச் சுரப்பிகளுக்குத் தெரியாது. முக்கியமானது இதுதான்: இந்த எழுச்சி காரணத்தோடு சேர்ந்து ஏறும், காரணம் விலகினால் இறங்கும். ஃபுட்சால் மைதானத்தில் அவன் சிரித்தது பொறுப்பின்மை அல்ல. அவன் மனம் இன்னும் ஏறி இறங்குகிறது என்பதற்கு அது அடையாளம்.

அவனை மாட்டவைப்பது பயம் அல்ல, பயத்துக்கு அவன் செய்யும் வைத்தியம். கணிதப் புத்தகத்தைத் திறக்கிறான், நெஞ்சு படபடக்கிறது, மூடிவிட்டுக் கைப்பேசியை எடுக்கிறான். உடனே நிம்மதி. 'புத்தகத்தை மூடினால் நிம்மதி வரும்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. மறுநாள் புத்தகத்தைத் திறக்க இன்னும் கொஞ்சம் கூடுதல் பயம். இப்படித் தப்பித்துத் தப்பித்துத்தான் பதற்றம் வளர்கிறது.

இதை உடைக்க நாள் முழுவதையும் பங்குபோடும் பெரிய அட்டவணை தேவையில்லை. அப்படி அட்டவணை போடுகிறவர்கள் இரண்டாம் நாளே அதைக் கைவிட்டுக் குற்ற உணர்வைக் கூட்டிக்கொள்வதுதான் அதிகம். அவன் செய்ய வேண்டியது சின்ன வேலை. பழைய தாளிலிருந்து ஒரு கேள்வி, 15 நிமிடம், விடை மூடியே இருக்கட்டும். படபடப்பு வரும். வந்தாலும் 15 நிமிடம் முடியும்வரை எழுந்துபோகக் கூடாது. பிறகு விடையைப் பார்த்துத் தவறைக் குறித்துக்கொண்டு நிறுத்தலாம். சில நாளில் படபடப்பு குறைவதை அவனே உணர்வான், ஏனென்றால் புலி வரவில்லை என்று மூளை இப்போதுதான் நேரில் கண்டிருக்கிறது.

விடையை மூடிவைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதைத் திரும்ப வாசித்தார்கள். மற்றப் பிரிவினர் அதை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் சுமார் 56 விழுக்காடும் திரும்ப வாசித்தவர்கள் சுமார் 42 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தார்கள். வண்ணப் பேனாவால் கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பது 'தெரிந்துவிட்டது' என்ற உணர்வைத் தரும், தேர்வு மண்டபத்தில் அந்த உணர்வு கைவிட்டுவிடும்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. 13 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. காலை ஏழரைக்குள் பள்ளி வாசலில் நிற்க வேண்டிய நம் மாணவர்களுக்கு அது எளிதல்ல, தெரியும். ஆனால் இரவு ஒன்பது மணிக்குக் குடிக்கும் கோப்பியையாவது நிறுத்தலாம். உடம்பில் காஃபின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்பதுக்குக் குடித்தால் அதிகாலை இரண்டுக்கு அரைக் குவளைக் கோப்பி இன்னும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். படித்ததை மூளை பதித்துவைப்பது தூக்கத்தில்தான் என்பதால், தூங்காமல் படித்த இரவின் உழைப்பில் ஒரு பகுதி வீண்.

மண்டபத்தில் தாளைத் திருப்பியதும் எல்லாம் மறந்துபோனால்? பேனாவைக் கீழே வையுங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம், அப்போது இதயத் துடிப்பு இறங்குகிறது. இரண்டு நிமிடம் போதும். பிறகு ஆகச் சுலபமான கேள்வியிலிருந்து தொடங்குங்கள். மறந்ததாகத் தோன்றியது அழிந்துபோகவில்லை, பதற்றம் மூளையின் மேசையை நிறைத்துக்கொண்டதால் எடுக்க இடமில்லாமல் போயிருந்தது.

இவ்வளவும் மாணவனுக்கு உதவும். இதே பிரசுரத்தை மாணவியின் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? அவளும் 15 நிமிடம் உட்காருவாள். ஒரு வரிகூட ஏறாது. மனச்சோர்வில் சிந்தனையின் வேகமே குறைந்துவிடும், கவனத்தைப் பிடித்து நிறுத்த முடியாது. 'இதைக்கூட என்னால் செய்ய முடியவில்லையே, நான் எல்லாருக்கும் பாரம்' என்று நினைப்பாள். உதவி செய்ய வந்த குறிப்பே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடும். அதனால்தான் இரண்டையும் பிரித்துச் சொல்லாத பிரசுரம் பயனற்றது மட்டுமல்ல, சிலருக்குத் தீங்கானதும்கூட என்கிறேன்.

பிரிப்பது எப்படி? மருத்துவர்கள் முதல் சல்லடையாகப் பயன்படுத்தும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டும் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை. முதலாவது: எதைச் செய்தாலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாத தொல்லை எத்தனை நாள் இருந்தது? இரண்டாவது: மனம் சோர்ந்து, நம்பிக்கையிழந்து இருந்தது எத்தனை நாள்? ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' என்றால் 0, 'சில நாள்கள்' என்றால் 1, 'பாதி நாள்களுக்கு மேல்' என்றால் 2, 'கிட்டத்தட்ட தினமும்' என்றால் 3. கூட்டிப் பார்த்தால் 0 முதல் 6 வரை வரும். 3-ம் அதற்கு மேலும் வந்தால் ஒருவர் முறையாகப் பார்த்துப் பேச வேண்டும்.

நம் மாணவனுக்கு முதல் கேள்வியில் 0. ஃபுட்சாலில் ஆர்வம் போகவில்லை. இரண்டாவதில் 1. மொத்தம் 1. மாணவிக்கு முதல் கேள்வியில் 3, இரண்டாவதில் 2. மொத்தம் 5. 38 மதிப்பெண் வாங்கியவன் வீட்டிலிருந்தே சமாளிக்கலாம், 71 வாங்கியவள் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

இந்தச் சல்லடைக்கு வரம்பு உண்டு. இது நோயைக் கண்டுபிடிப்பதில்லை, யாரைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் காட்டும். 3 வந்தவர்களில் பலருக்கு மனச்சோர்வு இல்லை என்று பிறகு தெரியவரும். குறைவாக வந்தவர்களிலும் சிலருக்கு இருக்கும். குறிப்பாக உங்கள் வயதில் மனச்சோர்வு சோகமாக அல்லாமல் எரிச்சலாக வெளிப்படலாம். 'சோகமா இல்லையே, எல்லார் மேலயும் கடுப்பாத்தான் இருக்கு' என்று சொல்லும் பையன் இரண்டாம் கேள்விக்கு 0 போட்டுவிடுவான். ஆகவே எண்ணோடு சேர்த்து இன்னும் சிலவற்றையும் பாருங்கள்: நல்ல செய்தி வந்தாலும் மனம் எழவில்லையா, தூக்கமும் பசியும் மாறிவிட்டனவா, விடுமுறையிலும் அப்படியே இருக்கிறதா, வழக்கமாகச் செய்யும் வேலைகள் நின்றுவிட்டனவா. கூட்டல் என்ன வந்தாலும், 'இறந்துபோனால் நன்றாக இருக்கும்' என்ற நினைப்பு வந்திருந்தால் இரண்டு வாரக் கணக்கு செல்லாது. அன்றே ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

இது அபூர்வமான நிலைமை என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் 2022-இல் பதின்ம வயது மாணவர்களிடம் நடத்திய தேசிய சுகாதார ஆய்வில் ஏறக்குறைய நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. அதுவும் கேள்வித்தாள் கணக்குதான், மருத்துவர் உறுதி செய்த எண்ணிக்கை அல்ல. இருந்தாலும் 36 பேர் வகுப்பில் ஒன்பது பேரிடம் நின்று பேச வேண்டியிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

சரி, யாரிடம் போவது? பள்ளியில் கவுன்சலிங் ஆசிரியர் இருப்பார். கட்டொழுங்குக்கு அனுப்பப்படும் இடம் அந்த அறை என்று நினைத்து நம் பிள்ளைகள் அந்தப் பக்கமே போவதில்லை. அவரிடம் சொல்வதை அவர் ஊரெல்லாம் சொல்லக் கூடாது. உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் அவர் சொல்லியாக வேண்டும். 'நான் சொல்வதில் எதை வீட்டுக்குச் சொல்வீர்கள், எதைச் சொல்லமாட்டீர்கள்?' என்று முதலிலேயே கேட்டுவிடலாம். அது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல.

அடுத்தது, கிளினிக் கெசிஹாத்தான் என்று பலகை மாட்டிய அரசாங்கக் கிளினிக். மனநல மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். முதல் படி அதுவல்ல. காய்ச்சலுக்குப் போகும் அதே கிளினிக்தான். மலேசியர்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கே மருத்துவர் முன் சொன்ன இரண்டு கேள்விகளின் நீண்ட வடிவத்தைக் கேட்கக்கூடும். அதில் ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 புள்ளிகள். ஒன்பதாவது கேள்வி இறந்துபோகும் நினைப்பைப் பற்றியது. உண்மையைச் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பலாம். இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டு சுரப்பிக் கோளாறும் களைப்பையும் கவனக் குறைவையும் தரும், பார்வைக்கு மனச்சோர்வுபோலவே இருக்கும். மாதவிடாய் அதிகம் போகும் மாணவிகளுக்கு இரத்தசோகை வருவது சகஜம். அப்படி இருந்தால் சிகிச்சையே வேறு.

மனச்சோர்வுதான் என்று உறுதியானால், இலேசான நிலையில் பேச்சு வழிச் சிகிச்சையும் தொடர்ந்து கவனிப்பதும் போதும். 'நான் எல்லாருக்கும் பாரம்' என்பதுபோல் தானாக ஓடும் எண்ணங்களை எழுதி எடுத்து, அவை உண்மையா என்று சோதித்துப் பார்ப்பதும், மனம் வரும்வரை காத்திராமல் சிறு வேலைகளை மறுபடி தொடங்குவதும் அதில் முக்கியம். வாரம் ஒரு முறை, சில மாதம் நடக்கும். கடுமையாக இருந்தால் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பிவைப்பார்கள், மருந்தும் தரலாம். பதின்ம வயதினருக்கு அதிகமாகத் தரப்படும் மருந்து ஃப்ளூஆக்ஸடின். அது பெனடோல்போல் அரை மணியில் வேலை செய்யாது, தெளிவான மாற்றம் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். தொடங்கிய முதல் சில வாரங்களில் சிலருக்கு உயிரை விடும் எண்ணம் கூடக்கூடும் என்பதால் அந்தக் காலத்தில் மருத்துவர் அடிக்கடி வரச்சொல்வார். அந்தத் தவணைகளைத் தவறவிடக் கூடாது. கொஞ்சம் நன்றாக இருக்கிறதே என்று தாமாக நிறுத்தவும் கூடாது.

இந்த நான்கு முதல் ஆறு வாரம் என்ற கணக்குதான் என் முக்கிய வாதத்துக்கு ஆதாரம். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் இருக்கிறது: 'பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.' பதற்றத்துக்கு அது சரியான பதில், பரீட்சை முடிந்தால் அது இறங்கிவிடும். மனச்சோர்வுக்கு அது தவறான பதில். பரீட்சை முடிந்தாலும் அது இறங்குவதில்லை என்பதை அந்த ஒரு வார விடுமுறையிலேயே பார்த்தோம். பத்து வாரம் இருக்கும்போது கிளினிக்குக்குப் போனால் எஸ்.பி.எம். தொடங்குமுன் சிகிச்சை பிடிக்க அவகாசம் இருக்கிறது. இரண்டு வாரம் இருக்கும்போது போனால் அவகாசம் இல்லை. பரீட்சையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுவது பரீட்சைக்கே நஷ்டம் என்பதை மதிப்பெண் மட்டுமே பேசும் பெற்றோரிடம்கூட எடுத்துச் சொல்லலாம்.

ஆசிரியர்கள் சிலர் இன்னொரு பக்கம் பேசுவார்கள். 'இப்படி எழுதினால் நாளைக்கு வீட்டுப்பாடம் செய்யாதவன் எல்லாம் எனக்கு மனச்சோர்வு என்று வந்து நிற்பான்' என்பார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு வருத்தத்துக்கும் நோய்ப் பெயர் சூட்டுவது நல்லதல்ல. சாதாரணப் பதற்றத்தை நோய் என்று நம்பிவிட்டால் அந்த மாணவன் இன்னும் அதிகமாகத் தப்பிக்கத் தொடங்குவான். ஆனால் அதற்கு வழி வாயை அடைப்பதல்ல, இரண்டு வாரக் கணக்கைக் கையில் கொடுப்பதுதான். நேற்று மாலையிலிருந்து வருத்தமாக இருப்பவனை அந்தக் கணக்கு தானாகவே திருப்பி அனுப்பிவிடும்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்பது பலருக்கும் பெரிய தடை. 'எனக்கு டிப்ரெஷன்' என்று தொடங்கினால், 'இந்த வயசுல உனக்கு என்ன கவலை' என்று பதில் வரும். நோயின் பெயரை மருத்துவர் சொல்லட்டும். நீங்கள் உடம்பில் நடப்பதையும் நாள் கணக்கையும் சொல்லுங்கள். 'அம்மா, மூணு வாரமா விடியக்காலை நாலு மணிக்கே முழிப்பு வந்துடுது. படிக்கிறது எதுவும் மனசுல நிக்கல. சாப்பாடு பிடிக்கல. கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க.' பசியும் தூக்கமும் போய்விட்டது என்று கேட்டுச் சும்மா இருக்கும் அம்மா குறைவு. 18 வயதுக்குக் கீழ் என்றால் சிகிச்சைக்குப் பொதுவாகப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்பதால் இந்தப் பேச்சை முற்றிலும் தவிர்க்க முடியாது. தனியாகச் சொல்ல முடியாவிட்டால் கவுன்சலிங் ஆசிரியரை உடன் வைத்துக்கொண்டு சொல்லலாம். கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொண்டு வரலாம் என்று வீட்டில் சொன்னால் சண்டை பிடிக்காதீர்கள். கோயிலுக்கும் போய்விட்டு, அதே வாரத்தில் கிளினிக்குக்கும் போகலாம் என்று கேளுங்கள்.

இனி, அந்த மாணவி பக்கத்து மேசையில் இருக்கும் உங்கள் தோழி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அவள், 'நான் இல்லாமப்போனா எல்லாருக்கும் நிம்மதி' என்று விளையாட்டாகச் சொல்கிறாள். 'சும்மா இரு' என்று சிரித்து மழுப்பிவிடத் தோன்றும். மழுப்பாதீர்கள். தனியாக இருக்கும்போது நேராகக் கேளுங்கள்: 'சாகணும்னு நினைக்கிறியா?' கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்கப்பட்டவருக்கு அது பெரும்பாலும் ஆறுதலாகவே இருக்கிறது. ஆமாம் என்றால் அறிவுரை சொல்லத் தொடங்க வேண்டாம். அவளைத் தனியே விடாதீர்கள், நம்பத்தக்க ஒரு பெரியவரிடம் அன்றே அழைத்துப் போங்கள். 'யாரிடமும் சொல்லாதே' என்று சத்தியம் கேட்டால், 'இது ஒன்றை மட்டும் என்னால் மறைக்க முடியாது' என்று சொல்லிவிடுங்கள். அவள் உங்களோடு பேசாமல் போகலாம். அதையும் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு நம் நாட்டில் தற்கொலை முயற்சி குற்றம், தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவின்கீழ் சிறைக்கும் இடமிருந்தது. 2023-இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. 'வெளியே சொன்னால் போலீஸ் வரும்' என்று பாட்டி காலத்துப் பயத்தில் யாரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அந்த மாணவியின் கதையை எட்டு வாரம் முன்னே நகர்த்தினால் இப்படி இருக்கலாம். கவுன்சலிங் ஆசிரியரிடம் போனாள், அவர் அம்மாவை வரவழைத்தார், மூவரும் கிளினிக்குக்குப் போனார்கள். இரத்தசோகை இல்லை. வாரம் ஒரு முறை பேச்சுச் சிகிச்சை. முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் தெரியாமல், 'இதுவும் வீண்' என்றாள். ஐந்தாம் வாரத்தில் தூக்கம் ஐந்தரை மணிவரை நீண்டது. ஏழாம் வாரத்தில் ஒரு மாலை பேட்மிண்டனுக்குப் போய்ப் பாதியில் திரும்பினாள். அந்த இரண்டு கேள்விகளை மறுபடி கேட்டபோது 5 இருந்த இடத்தில் 2. முழுதும் சரியாகிவிடவில்லை. ஒன்பது பாடம் எழுதப் போகிறாள், ஒன்பதும் ஏ வராது என்று அவளுக்கும் அம்மாவுக்கும் தெரியும். ஏதாவது ஒரு பாடம் கைவிட்டாலும் மறுபடி எழுத வழி இருக்கிறது என்று ஆசிரியர் சொல்லிவைத்திருக்கிறார்.

உங்கள் பள்ளிப் பலகையில் அந்தப் பிரசுரம் இப்போதும் தொங்கினால், அதன் அடியில் இருக்கும் வெற்றிடத்தில் இவற்றைப் பேனாவால் எழுதிவையுங்கள். கவுன்சலிங் ஆசிரியரின் பெயரும் அறை எண்ணும். அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானின் பெயர். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555. தாலியான் காசே 15999. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள், பெயர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.